‘இளகிய மனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று போட்டும் வீடியோ ஏன் போனது?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் பகுதிச் செய்திகளுக்காக யூடியூப் சேனல் நடத்துகிறேன். போன மாதம் பைபாஸில் நின்றிருந்த லாரி மீது இரவில் ஒரு வேன் மோதி இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். நான் எடுத்த வீடியோவை அப்படியே போட்டேன். ‘இளகிய மனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று தலைப்பிலேயே எச்சரித்திருந்தேன். காலையில் பார்த்தால் வீடியோ இல்லை. சேனலுக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. டிவியில் இதைவிடக் கோரமாகக் காட்டுகிறார்கள். அந்த ரோட்டில் விளக்கு இல்லை என்று நான் பேசியதால் யாராவது ரிப்போர்ட் அடித்துத் தூக்கிவிட்டார்களா? அப்பீல் போடலாமா? இனி இப்படி ஒன்றை எப்படிப் போடுவது? வீடியோவை டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பியிருக்கிறேன். (ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நீங்கள் அனுப்பிய மூன்று நிமிடம் நாற்பது விநாடி வீடியோவை முழுதாகப் பார்த்தேன். அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது நிமிடம் கடந்த பிறகுதான் வருகிறது. அதற்கு முன்னாலேயே யூடியூப் முடிவெடுத்துவிட்டது.

முதலில் உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பத்துப் பேர் ரிப்போர்ட் செய்தாலும் ஒருவர் ரிப்போர்ட் செய்தாலும் வீடியோ பரிசீலனைக்குத்தான் போகும். எண்ணிக்கை கூடியதால் மட்டும் எதுவும் நீக்கப்படாது என்பது யூடியூபின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. பெரும்பாலும் ரிப்போர்ட்டே தேவைப்படாது. ஏற்றிய சில நிமிடங்களில் தானியங்கிக் கருவிகள் ரத்தத்தையும் சிதைந்த உடலையும் கண்டுபிடித்துவிடும். உங்கள் வீடியோ 0:48-க்கும் 1:20-க்கும் இடையில் வேனுக்குள் டார்ச் அடித்துக் காட்டுகிறதே, அந்த ஒரு பகுதி போதும். கடும் காயங்களோடு, உறுப்புகள் சிதைந்த நிலையில் உள்ள உடல்களைக் காட்டுவதை யூடியூப் தன் வன்முறை, கோரக் காட்சி விதியிலேயே குறிப்பிட்டுத் தடுக்கிறது. சாலை விபத்து, இயற்கைப் பேரிடர், போரின் பின்விளைவு போன்ற காட்சிகளை, பார்ப்பவரை அதிரவோ அருவருக்கவோ வைக்கும் நோக்கில் போடக்கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

‘நோக்கம்’ என்ற அந்த இடத்தில்தான் நீங்கள் சிக்கியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருந்ததை யூடியூப் பார்க்க முடியாது. வீடியோவில் இருப்பதைத்தான் பார்க்கும். உங்கள் தலைப்பு ‘பதற வைக்கும் கோர விபத்து, இளகிய மனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று போகிறது. நம் ஊரில் இந்த வரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எச்சரிக்கை என்று எழுதினாலும் ‘உள்ளே பயங்கரமானது இருக்கிறது, வா’ என்றுதான் அது வேலை செய்கிறது. முகப்புப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே ஒரு கையைக் காட்டியிருக்கிறீர்கள். குரல் பதிவில் முதல் இரண்டு நிமிடம் ‘ஐயோ பாருங்க மக்களே’ என்பதைத் தவிர எதுவும் இல்லை. எந்த ஊர், எந்தச் சாலை, எத்தனை மணி, என்ன நடந்தது என்று எதையும் சொல்லாமல் உடல்களை மட்டும் காட்டும் வீடியோவை, அதிர வைப்பதற்காகப் போட்டது என்று ஒரு பரிசீலகர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

கல்வி, ஆவணம், அறிவியல், கலை என்ற நான்கு நோக்கங்களுக்கு யூடியூப் விலக்குத் தருகிறது. செய்தி வீடியோ ‘ஆவணம்’ என்ற கணக்கில் வரும். ஆனால் இந்த மாதிரி வீடியோக்களில் பின்னணி விளக்கம் வீடியோவின் படத்திலோ ஒலியிலோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தலைப்பிலும் கீழே உள்ள விவரப் பெட்டியிலும் எழுதினால் மட்டும் போதாமல் போகலாம். இதற்கு நியாயமான காரணம் உண்டு. வீடியோவை யாரோ டவுன்லோட் செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் தலைப்பும் விவரமும் கூடப் போகாது; குரலும் திரையில் ஒட்டிய எழுத்தும் போகும். உங்கள் வீடியோ அடுத்த மாவட்டத்துக்குப் போய் ‘நேற்று எங்கள் ஊரில்’ என்று சுற்றாமல் இருக்கவும் அதுதான் ஒரே காவல்.

எச்சரிக்கை லேபிள் என்று ஒன்று இருக்கிறதே, அதை நானே போட்டுக்கொள்ள முடியாதா என்று இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இடத்துக்கு இடம் மாறும். எக்ஸ் தளத்தில் படம் சேர்க்கும்போதே வன்முறைக் காட்சி என்று நீங்களே குறியிடலாம். பார்ப்பவர் தட்டித் திறந்தால்தான் தெரியும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வன்முறையான மரணத்தையோ அதன் பின்விளைவையோ காட்டும் படங்களின் மேல் மெட்டாவே ஒரு எச்சரிக்கைத் திரையை இழுத்துவிடும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காட்டாது. யூடியூபில் உங்கள் கையில் இருப்பது வயதுக் கட்டுப்பாடு ஒன்றுதான்: ஏற்றும்போது `Yes, restrict my video to viewers over 18` என்பதைத் தேர்ந்தெடுப்பது. அப்படிப் போட்டால் லாகின் செய்யாதவர்கள் பார்க்க முடியாது, வேறு பெரும்பாலான இணையதளங்களில் பதித்தால் ஓடாது, பார்வை குறையும், விளம்பர வருமானமும் குறையும் அல்லது நிற்கும். அதைவிட முக்கியமானது: விதியை மீறும் காட்சிக்கு இது பாதுகாப்புச் சீட்டு ஆகாது. விதிக்குள் வரும், ஆனால் குழந்தைகள் பார்க்கக்கூடாத காட்சிக்கு மட்டும்தான் இது உதவும்.

வார்த்தைகள் எவ்வளவு தூரம் முடிவை மாற்றும் என்பதற்கு ஒரு நடந்த சம்பவத்தைச் சொல்கிறேன். 2022 ஜூன் 5 அன்று நைஜீரியாவின் ஓவோ நகரில் ஒரு கத்தோலிக்க தேவாலயத்தில், ஞாயிறு வழிபாட்டுக்கு வந்திருந்தவர்கள் மீது தாக்குதல் நடந்தது. குறைந்தது நாற்பது பேர் இறந்தார்கள். அன்று தேவாலயத் தரையில் ரத்தத்தோடு அசையாமல் கிடந்தவர்களைக் காட்டும் ஒரு வீடியோவை ஒருவர் இன்ஸ்டாகிராமில் போட்டார். சிலரின் முகம் தெரிந்தது, பின்னணியில் அழுகுரல். முதலில் மெட்டாவின் தானியங்கி அமைப்பு அதை நீக்கவில்லை, எச்சரிக்கைத் திரை போட்டு விட்டது. பிறகு அவர் விளக்கம் ஒன்றைச் சேர்த்தார். நைஜீரியாவில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தாக்குதல், பலர் பலி, வருத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, கூடவே துப்பாக்கி சேகரிப்பவர்கள், துப்பாக்கிச் சத்தம், ராணுவப் பாவனை விளையாட்டு என்று நிறைய ஹேஷ்டேகுகளை வாரிப் போட்டார். அதன் பிறகு வீடியோ நீக்கப்பட்டது. அந்த ஹேஷ்டேகுகள் வன்முறையைக் கொண்டாடுவது போல் இருப்பதாக மெட்டா வாதிட்டது. அவர் அப்பீல் செய்து, விஷயம் மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் மேற்பார்வை வாரியம் வரை போனது. 2022 டிசம்பரில் வாரியத்தின் பெரும்பான்மை, முழுதாகப் படித்தால் இது செய்தியைத் தெரிவிக்கத்தான் போடப்பட்டது, ஹேஷ்டேகுகள் அதிகம் பேரை எட்டுவதற்காகச் சேர்த்தவை என்று சொல்லி, எச்சரிக்கைத் திரையோடு திருப்பிப் போட உத்தரவிட்டது. வாரியத்தில் சிறுபான்மையினர் ஒப்புக்கொள்ளவில்லை. முகம் தெரிகிறதே, இறந்தவர்களின் குடும்பம் பார்க்குமே என்பது அவர்களின் கவலைகளில் ஒன்று.

அவர் ஜெயித்தார்தான். ஆனால் ஜூனில் போட்ட செய்தி டிசம்பரில்தான் ஜெயித்தது. தேவையில்லாத ஹேஷ்டேகுகள்தான் மெட்டாவின் வாதத்துக்கு இடம் கொடுத்தன. உங்கள் வீடியோவின் கீழே டிரெண்டிங், வைரல், ஷாக்கிங் என்று பதினைந்து இருக்கின்றன. அடுத்த முறை ஊர்ப் பெயரும் சாலைப் பெயரும் மட்டும் போதும்.

டிவி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. 2023 ஜனவரியில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லா டிவி சேனல்களுக்கும் ஒரு அறிவுரை அனுப்பியது. விபத்து, மரணம், பெண்கள் குழந்தைகள் மீதான வன்முறை இவற்றின் காட்சிகளை மறைக்காமல், ரத்தத்தோடு நெருக்கமாகக் காட்டுகிறீர்கள், அதுவும் சமூக வலைத்தளத்திலிருந்து எடுத்து எடிட் செய்யாமலே ஒளிபரப்புகிறீர்கள் என்று அதில் கண்டித்திருந்தார்கள். அந்தச் சமூக வலைத்தள வீடியோக்களை எடுப்பது உங்களைப் போன்றவர்கள்தான். அதனால் டிவிக்காரர் இரவு ஒரு மணிக்கு ‘ரா ஃபுட்டேஜ் அனுப்புங்க’ என்று கேட்டால், மறைத்து எடிட் செய்த பிரதியை மட்டும் கொடுங்கள். ஒருமுறை கைமாறிய பிறகு உங்கள் கட்டுப்பாட்டில் எதுவும் இருக்காது.

இப்போது அதே வீடியோவை மேசையில் போட்டு எடிட் செய்து பார்ப்போம். 2:14-லிருந்து பன்னிரண்டு விநாடி நீங்கள் லாரியின் பின்பக்கத்தைக் காட்டுகிறீர்கள். பின் விளக்கு எரியவில்லை. ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை சேற்றில் மறைந்திருக்கிறது. பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கப்படவில்லை. கேமரா மேலே போகும்போது சாலை விளக்குக் கம்பம் இருட்டாக நிற்கிறது. செய்தி அந்தப் பன்னிரண்டு விநாடியில்தான் இருக்கிறது. உடலைப் பார்த்தால் விபத்து எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியாது. லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். எனவே வீடியோ அங்கே தொடங்கட்டும். அடுத்து தூரத்திலிருந்து எடுத்த காட்சி: லாரி எந்த லேனில் நிற்கிறது, வேன் எந்தக் கோணத்தில் இருக்கிறது. பிறகு ஆம்புலன்ஸ் வருவது, போக்குவரத்தைத் திருப்புவது. 0:48 முதல் 1:20 வரை முழுதாக வெளியே. அதை மங்கலாக்கிக்கூட வைக்க வேண்டாம். அதில் தகவல் எதுவும் இல்லை. ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும்.

குரலைச் சம்பவ இடத்தில் பதிவானபடி விடாமல், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பேசிச் சேருங்கள். இந்த அளவு போதும்: ‘இது இந்த ஊர் பைபாஸ், இந்தத் தேதி இரவு பதினொன்றே கால் மணி. விளக்கு எரியாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் மோதியது. இரண்டு பேர் இறந்ததாகக் காவல்துறை தெரிவித்துள்ளது. காயமடைந்தவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கிறார்கள். குடும்பத்தாரின் நிலை கருதி உடல்களைக் காட்டவில்லை.’ இடமும் தேதியும் திரையின் ஒரு மூலையில் கடைசி வரை இருக்கட்டும். இறப்புச் செய்தியைக் காவல்துறையோ மருத்துவமனையோ சொன்ன பிறகே சொல்லுங்கள். ‘டிரைவர் குடித்திருந்தாராம்’ என்று ஓரமாக நின்றவர் சொன்னது உங்கள் வீடியோவில் கேட்கிறது. அந்த ஒலியை வெட்டுங்கள். அலறல் சத்தத்தையும் தாழ்த்துங்கள். படத்தை மறைத்தாலும் ஒரு தாயின் குரலை அவள் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மறைப்பது என்றால் முகத்தை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீடியோவில் வேனின் பின் கண்ணாடியில் இரண்டு குழந்தைகளின் பெயர் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. கீழே கிடக்கும் துணிப்பையில் கடைப் பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து போன் போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பையன் போனில் இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பான். முகம், வண்டி எண், ஸ்டிக்கர், பை, பச்சை குத்திய கை, இவை எல்லாம் அடையாளம்தான். காயம்பட்டவர் நினைவோடு இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. குழந்தைகள் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது: குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது அதற்குச் சாட்சியான குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி, படம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு.

மங்கலாக்குவதை ஏற்றும் முன்பே போனில் முடித்துவிடுங்கள். யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரிலும் `Face blur`, `Custom blur` என்று வசதி உண்டு. ஆனால் அதற்கு வீடியோ ஏற்கெனவே அவர்கள் சர்வரில் இருக்க வேண்டும். அதில்தான் செய்வேன் என்றால், வீடியோவை `Private` ஆக ஏற்றி, மறைத்து முடித்த பிறகு `Public` ஆக்குங்கள். `Custom blur`-இல் `Track object` என்று வைத்தால் கட்டம் பொருளோடு நகரும். எந்தச் செயலியானாலும் ஒரு சிக்கல் வரும்: தலை திரும்பும்போதோ யாராவது குறுக்கே நடக்கும்போதோ கட்டம் ஒரு கணம் நழுவும். பாதி வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் அந்த நழுவல் கண்ணில் படும். அந்த ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருவர் போதும். மெல்லிய மங்கல் வேண்டாம், பெரிய சதுரங்களாகத் தெரியும் மொசைக் வையுங்கள். முகப்புப் படத்துக்கு இருட்டான விளக்குக் கம்பமும் லாரியின் பின்பக்கமும் போதும்.

அப்பீல் பற்றி: இந்த வீடியோவுக்குப் போட வேண்டாம். ஒரு நடவடிக்கைக்கு ஒருமுறைதான் அப்பீல் செய்ய முடியும், இதில் உங்களுக்குச் சாதகமாகக் காட்ட எதுவும் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது ஸ்ட்ரைக்குக்கு முந்தைய எச்சரிக்கை. அதோடு ஒரு சிறு பயிற்சி எடுக்கும் வாய்ப்பும் காட்டியிருப்பார்கள். அதை முடித்து, தொண்ணூறு நாட்களுக்கு அதே விதியை மீறாமல் இருந்தால் எச்சரிக்கை காலாவதியாகிவிடும். அதற்குள் அதே விதியை மீறினால் அடுத்தது ஸ்ட்ரைக்: முதல் ஸ்ட்ரைக்குக்கு ஒரு வாரம் எதுவும் ஏற்ற முடியாது, தொண்ணூறு நாட்களுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம், மூன்றாவதில் சேனலே போய்விடும். வீடியோவை நீங்களே அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது. அதே ஃபைலை வேறு தலைப்பில் மறுபடி ஏற்றுவதுதான் பலர் செய்வது. அது நேராக அடுத்த ஸ்ட்ரைக்குக்குப் போகும் வழி.

மேலே சொன்னபடி எடிட் செய்த பிரதியும் ஒருவேளை நீக்கப்பட்டால் அப்போது தயங்காமல் அப்பீல் போடுங்கள். கருத்துச் சுதந்திரம், மற்ற சேனல்கள் என்றெல்லாம் எழுதாமல், பரிசீலகர் சரிபார்க்கக்கூடியதை எழுதுங்கள்: ‘இது சாலைப் பாதுகாப்பு பற்றிய செய்தி வீடியோ. 0:00 முதல் 0:12 வரை லாரியில் விளக்கு எரியாததைக் காட்டுகிறது. இடம், தேதி, காரணம் குரலிலும் திரையிலும் உள்ளன. உடல்கள் காட்டப்படவில்லை, முகங்களும் வண்டி எண்ணும் மறைக்கப்பட்டுள்ளன.’ நேரக் குறிப்போடு நான்கு வரி இருந்தால் படிப்பவர் நேராக அந்த இடத்துக்குப் போவார்.

இறந்தவரின் வீட்டிலிருந்து யாராவது ‘எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் வாதம் செய்யாதீர்கள். மரணத் தருணத்தையோ உயிருக்கு ஆபத்தான காயத்தையோ காட்டும் வீடியோவை நீக்கச் சொல்லி நெருங்கிய குடும்பத்தினர் யூடியூபிடமே கேட்க முடியும். யூடியூப் செய்தி மதிப்பை எடைபோட்டு முடிவு செய்யும். அதுவரை அவர்களை அலைய விடாமல், உடனே வீடியோவை `Private` ஆக்கிவிட்டு, அவர்களுக்கு எந்தக் காட்சி வலிக்கிறது என்று கேட்டு, அதை நீக்கி மறுபடி போடலாம். பெரும்பாலும் ஸ்டிக்கர் தெரியும் இரண்டு விநாடி மாதிரி ஏதோ ஒன்றுதான் இருக்கும்.

அந்த மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஒரிஜினலை அழிக்காதீர்கள். எடிட்டை எப்போதும் பிரதியில் செய்யுங்கள். ஒரிஜினலை வாட்ஸ்அப் வழியாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். அது தரத்தைக் குறைத்து, எடுத்த நேரம் போன்ற உள் விவரங்களையும் நீக்கிவிடும். கேபிள் வழியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்து வையுங்கள், டிரைவ் லிங்க்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து விடாதீர்கள். சிரியப் போரின்போது மக்கள் எடுத்துப் போட்ட ஏராளமான வீடியோக்களை 2017-இல் யூடியூபின் தானியங்கி முறை நீக்கியது. போர்க்குற்றத்துக்குச் சாட்சியாக இருந்திருக்கக்கூடியவை அவை. தனியாகச் சேகரித்து வைத்தவர்களிடம் இருந்தவை பிழைத்தன. உங்கள் லாரிக் காட்சியும் ஒரு வழக்கில் தேவைப்படலாம். விசாரணை அதிகாரி கேட்டால் எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு நகல் கொடுங்கள். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்பட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், எடுத்தவர் என்ற முறையில் உங்களிடம் கையெழுத்து கேட்பார்கள்.

அந்த விளக்குக் கம்பங்கள் இன்னும் எரியவில்லை என்றால், அடுத்த வீடியோ அதைப் பற்றியே இருக்கட்டும். இரவில் போய், அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண் தெரியும்படி எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைத்து அந்தக் கல் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். பிறகு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில், லாரியின் பின்பக்கப் பன்னிரண்டு விநாடியிலிருந்து எடுத்த இரண்டு படங்களை இணைத்து மனு கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வீடியோவில் படித்துக் காட்டுங்கள். அதை யாரும் நீக்க மாட்டார்கள்.